கேட்டது எந்தக் காது?

காது பரிசோதனை முடிந்து வெளியே வருகிறவர்கள் கையில் ஒரு தாள் இருக்கும். கட்டம் போட்ட வரைபடத்தில் சிவப்பில் ஒரு கோடு, நீலத்தில் ஒரு கோடு, அவற்றை ஒட்டி ஏதோ அம்புகளும் அடைப்புக்குறிகளும். ஆடியோகிராம் என்கிற இந்தத் தாளைப் பெரும்பாலானோர் படித்துப் பார்ப்பதில்லை. "நரம்பு வீக்காம், மெஷின் வைக்கணுமாம்" என்று வீட்டில் ஒரு வரி சொல்லிவிட்டுப் பீரோவுக்குள் வைத்துவிடுவார்கள். கோடு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறதோ அவ்வளவுக்கு நரம்பு போய்விட்டது என்பது பரவலான நம்பிக்கை.

அந்த நம்பிக்கை தவறு. 60 டெசிபல் அளவுக்குக் கேட்காமல் போன காதில் நரம்பு முழு நலத்தோடு இருக்கலாம். அந்தக் காதை அறுவை சிகிச்சையில் மீட்கவும் முடியலாம். 30 டெசிபல் மட்டுமே குறைந்த காதில் உட்காது திரும்ப வராத சேதத்தை அடைந்திருக்கலாம். கோட்டின் ஆழத்தைப் பார்த்து இதைப் பிரிக்க முடியாது. ஒரே காதுக்கு இரண்டு வழிகளில் எடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா, இருந்தால் அது உண்மையான இடைவெளிதானா என்று பார்க்க வேண்டும். முதல் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிடுவதால்தான் சிலருடைய காது போகிறது.

முதலில் தாளின் அமைப்பு. இடமிருந்து வலமாக 250, 500, 1000, 2000, 4000, 8000 ஹெர்ட்ஸ் என்று ஒலியின் சுருதி ஏறிக்கொண்டே போகும். இடப்பக்கம் மத்தளத்தின் தொப்பி போன்ற கனத்த ஒலிகள், வலப்பக்கம் சில்வண்டு போன்ற கீச்சு ஒலிகள். மேலிருந்து கீழாக ஒலியின் அளவு டெசிபலில் கூடும். உச்சியில் மைனஸ் 10, அடியில் 120. ஆக, புள்ளி கீழே இறங்க இறங்க அந்தக் காதுக்கு அவ்வளவு சத்தம் தேவைப்பட்டிருக்கிறது என்று பொருள். இதில் பூஜ்யம் என்பது நிசப்தம் அல்ல. நல்ல காதுள்ள இளவயதினருக்குச் சராசரியாக அரைகுறையாகக் கேட்கத் தொடங்கும் அளவையே பூஜ்யம் என்று வைத்திருக்கிறார்கள். அதனால்தான் கூர்மையான காதுக்காரருக்கு மைனஸ் 5கூட வரும்.

சோதனையும் எளிமையானதுதான். சத்தம் புகாத அறைக்குள் ஹெட்போன் மாட்டி, "எவ்வளவு சின்னதாகக் கேட்டாலும் பட்டனை அமுக்குங்க" என்று சொல்வார்கள். வழக்கமாக 1000 ஹெர்ட்ஸில் தொடங்குவார்கள். கேட்டால் ஒலியை 10 டெசிபல் இறக்குவார்கள், கேட்காவிட்டால் 5 ஏற்றுவார்கள். இப்படி ஏறி வரும்போது பாதி முறையாவது எந்த அளவில் பதில் வருகிறதோ அங்கே ஒரு புள்ளி. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. ஒலி காற்று வழியாகக் காதுக் குழாய்க்குள் போய், செவிப்பறையை அசைத்து, நடுக்காதின் மூன்று குட்டி எலும்புகளைத் தாண்டி, உட்காதான காக்ளியாவைச் சேர்ந்து, அங்கிருந்து நரம்பேறி மூளைக்குப் போகிறது. இதில் எங்கே கோளாறு இருந்தாலும் வட்டமும் பெருக்கல் குறியும் கீழே இறங்கும். கோளாறு எங்கே என்று அவை சொல்லாது.

அதற்குத்தான் இரண்டாவது கோடு. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, காதுக்குப் பின்னால் கைக்குத் தட்டுப்படும் எலும்பில் ஓர் அதிர்வுக் கட்டையை வைப்பார்கள். அது மண்டையோட்டையே அதிர வைக்கும். அதிர்வு காதுக் குழாயையும் செவிப்பறையையும் பெருமளவு தவிர்த்துவிட்டு நேராகக் காக்ளியாவைச் சேரும். இதுதான் எலும்புவழிச் சோதனை. இதற்கான குறிகள் சின்னக் கூரம்புகளும் சதுர அடைப்புக்குறிகளும்.

இந்த இரண்டு கோடுகளையும் ஒப்பிட முடிவதற்குக் காரணம் ஒரு நல்ல ஏற்பாடு. ஹெட்போனுக்குத் தனியாகவும் அதிர்வுக் கட்டைக்குத் தனியாகவும், நலமான காதுகளை வைத்தே பூஜ்யத்தைக் குறித்திருக்கிறார்கள். அதனால் நலமான காதில் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று படியும். உட்காது கெட்டுப்போனாலும் படியும். ஏனென்றால் எந்த வழியில் போனாலும் ஒலி போய்ச் சேரும் இடம் அதே கெட்டுப்போன காக்ளியாதான். வழியில் மட்டும் அடைப்போ முறிவோ இருந்தால், காற்றுவழிக் கோடு கீழே விழும், எலும்புவழிக் கோடு மேலேயே நிற்கும். அந்த இடைவெளிதான் கடத்தல் வகைக் குறைபாட்டின் அடையாளம். இடைவெளி இல்லாமல் இரண்டும் சேர்ந்து இறங்கினால் உட்காது, நரம்பு வகை. இரண்டும் இறங்கி, இடைவெளியும் இருந்தால் இரண்டும் கலந்தது.

5 டெசிபல், 10 டெசிபல் இடைவெளியைப் பார்த்து எதுவும் முடிவு செய்யக் கூடாது. புள்ளிகள் 5 டெசிபல் படிகளில் வைக்கப்படுகின்றன, அதே ஆளை மறுநாள் சோதித்தாலும் ஒரு படி முன்பின் வரும். சில நேரம் எலும்புவழிப் புள்ளி காற்றுவழிப் புள்ளிக்குக் கீழேகூட விழும்; அது நோயல்ல, அளவீட்டின் இயல்பு. 15 டெசிபலைத் தொட்டு, அதுவும் பக்கத்துப் பக்கத்துச் சுருதிகளில் தொடர்ந்தால்தான் பொருட்படுத்த வேண்டும்.

கடத்தல் வகைக்குச் சுத்தமான ஓர் எடுத்துக்காட்டு, முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண்ணின் தாள். வலது காது சில ஆண்டுகளாக மெல்ல மந்தமாகி வந்திருக்கிறது. செவிப்பறையை விளக்கு வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. காற்றுவழியில் 500 ஹெர்ட்ஸில் 50, 1000இல் 50, 2000இல் 40, 4000இல் 35. அந்தக் காதின் எலும்புவழிப் புள்ளிகள் அதே வரிசையில் 10, 15, 25, 10. 500இல் 40 டெசிபல் இடைவெளி, 1000இல் 35. நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஒலி போய்ச் சேரவில்லை. மூன்றாவது எலும்பான அங்கவடி எலும்பின் அடிப்பகுதி, புதிய எலும்பு வளர்ச்சியால் இறுகி அசையாமல் போகும் ஓட்டோஸ்க்லிரோசிஸ் என்ற நோய் இது. குடும்பத்தில் தொடர்வதுண்டு.

இந்தத் தாளில் கண்ணை உறுத்தும் ஒன்று, 2000 ஹெர்ட்ஸில் எலும்புவழிப் புள்ளி மட்டும் 25 வரை இறங்கியிருப்பது. நரம்பும் கொஞ்சம் கெட்டிருக்கிறதோ என்று தோன்றும். அமெரிக்கச் செவியியலின் முன்னோடியான ரேமண்ட் கார்ஹார்ட் 1950ஐ ஒட்டி இதை விவரித்ததால் கார்ஹார்ட் பள்ளம் என்று இதற்குப் பெயர். எலும்புவழி ஒலி முழுக்க முழுக்க உட்காதின் கணக்கு மட்டுமல்ல. மண்டையோடு அதிரும்போது நடுக்காது எலும்புகளும் அசைந்து உட்காதுக்குக் கொஞ்சம் உதவி செய்கின்றன. அவற்றின் உதவி 2000 ஹெர்ட்ஸ் அருகில்தான் அதிகம். அங்கவடி இறுகிவிட்டால் அந்த உதவி நின்றுபோகிறது. இறுகிய எலும்பை அகற்றிச் சின்னச் செயற்கைத் தண்டு வைக்கும் அறுவை சிகிச்சை வெற்றியானால் இந்தப் பள்ளமும் பெரும்பாலும் மறைந்துவிடும். செத்த நரம்பு என்றால் அப்படி மீள முடியாது. எலும்புவழிக் கோட்டை உட்காதின் நேரடிப் புகைப்படமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வதற்கு இந்தப் பள்ளம் ஒன்றே போதும்.

கடத்தல் வகைக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. நடுக்காதின் எலும்புச் சங்கிலியே அறுந்துபோனாலும் இடைவெளி ஏறக்குறைய 60 டெசிபலைத் தாண்டாது. அதற்கு மேல் சத்தம் கொடுத்தால் ஹெட்போனின் ஒலியே மண்டையோட்டை அதிர வைத்து, அடைப்பைச் சுற்றிக்கொண்டு உட்காதைச் சேர்ந்துவிடும். அதனால் காற்றுவழிக் கோடு 90இல் கிடக்கும் ஒரு காதை வெறும் நடுக்காதுக் கோளாறு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே உட்காதும் சேர்ந்து கெட்டிருக்கிறது.

நரம்பு வகையில் நம் ஊரில் அடிக்கடி பார்ப்பது விசைத்தறிக் கூடத்திலும் நூற்பாலையிலும் வேலை பார்த்தவர்களின் தாள். 500இல் 10, 1000இல் 15, 2000இல் 25, 4000இல் திடீரென்று 55, 8000இல் மறுபடி 35. எலும்புவழியும் அதே பள்ளத்தில் கூடவே இறங்கியிருக்கும். இடைவெளி இல்லை, ஆகவே உட்காது. ஆனால் 500, 1000, 2000 மூன்றையும் கூட்டி வகுத்தால் 17 டெசிபல்கூட வராது. "சராசரி நார்மல்" என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அவரோ ச, த, ப எதுவும் பிரித்துக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார். கீச்சுப் பக்கத்துச் சேதத்தை அந்தச் சராசரி பார்ப்பதே இல்லை. எண்ணை மட்டும் பார்க்காமல் கோட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

இதுவரை சொன்னது பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயம். இப்போது தாள் பொய் சொல்லும் இடத்துக்கு வருகிறேன்.

நாற்பதைத் தாண்டிய பள்ளி ஆசிரியர் ஒருவர். சளி பிடித்திருந்த ஒரு வாரத்தில், காலையில் எழுந்ததும் இடது காது அடைத்தது போல இருந்தது. கூடவே இரைச்சல், லேசான தலைசுற்றல். ஊரில் ஒரு சின்ன மையத்தில் சோதனை செய்தார்கள். "சளியால காதுக்குள்ள நீர் கோத்திருக்கு, நரம்பு நல்லா இருக்கு, கவலைப்படாதீங்க" என்று சொல்லி மூக்குச் சொட்டு மருந்தும் மாத்திரையும் கொடுத்தார்கள். பத்தாம் நாள்வரை அடைப்பு விடவில்லை. தாளை எடுத்துக்கொண்டு வந்தார்.

வலது காது நன்றாக இருந்தது: 500 முதல் 4000 வரை 10, 10, 15, 20. இடது காது காற்றுவழியில் 60, 60, 65, 70. இடது எலும்புவழியில் 10, 10, 15, 20. எல்லாச் சுருதியிலும் 50 டெசிபல் இடைவெளி. முதல் அத்தியாயத்தின்படி இது அப்பட்டமான கடத்தல் வகை. எழுதிக் கொடுத்தவர் கணக்கில் தவறு செய்யவில்லை.

ஆனால் எண்களை இன்னொரு முறை பாருங்கள். இடது காதின் எலும்புவழிப் புள்ளிகளும் வலது காதின் காற்றுவழிப் புள்ளிகளும் ஒன்றே. இடது காதின் காற்றுவழிக் கோடோ, வலது காதின் கோட்டை அப்படியே 50 டெசிபல் கீழே நகர்த்தி வைத்தது போல இருக்கிறது. ஒரு காதின் நோய் இன்னொரு காதின் வடிவத்தை இவ்வளவு அச்சாகப் பின்பற்றுவதில்லை. இடது காதுக்கு ஒலி கொடுத்தார்கள்; பட்டனை அமுக்க வைத்தது வலது காது.

அது எப்படி என்றால், மண்டையோடு ஒரே எலும்புக் கூடு. இடது காதுக்குப் பின்னால் வைத்த அதிர்வு, வலது காக்ளியாவையும் கிட்டத்தட்ட அதே பலத்தோடு போய்ச் சேருகிறது. எலும்புவழியில் நடுவில் இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் சோதிக்க வேண்டும். ஹெட்போன் ஒலிகூடச் சத்தம் கூடும்போது தலையைத் தாண்டும். காதை மூடி உட்காரும் சாதாரண ஹெட்போனில் 40 டெசிபல் வித்தியாசம் வந்தாலே எதிர்க்காதுக்குப் போய்விடலாம். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். இந்த ஆசிரியருக்கு 50. இடது காது செத்தே கிடந்தாலும், அங்கே 60 கொடுத்தால் அதில் 10 வலது உட்காதுக்குப் போய்ச் சேரும். வலது காதுக்கு 10 போதும். அவர் நேர்மையாகத்தான் பட்டனை அமுக்கினார். சத்தம் எந்தப் பக்கம் கேட்டது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

இதை முறிக்க ஒரே வழி மாஸ்கிங். கேட்கும் காதில் ஒரு 'உஸ்' இரைச்சலைக் கொடுத்து அதை மும்முரமாக்கி வைத்துவிட்டு, சோதிக்க வேண்டிய காதில் ஒலியைக் கொடுப்பது. எவ்வளவு இரைச்சல் என்பதில்தான் சூட்சுமம். 1000 ஹெர்ட்ஸில் அவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். வலது காதில் இரைச்சலை 20க்கு வைத்தபோது, இடது காதின் ஒலியை 70 ஆக்கினால்தான் பட்டன் அமுங்கியது. இரைச்சல் 30, ஒலி 80. இரைச்சல் 40, ஒலி 90. ஒவ்வொரு முறை இரைச்சலை 10 ஏற்றும்போதும் விடையும் 10 இறங்கிக்கொண்டே போனால், பதில் சொல்வது இன்னும் வலது காதுதான். இரைச்சல் 50இல் ஒலி 100. அடுத்து 60க்கு ஏற்றியபோதும் 100இலேயே கேட்டது. 70இலும் 100. இனி இரைச்சலை ஏற்றினாலும் விடை நகரவில்லை என்றால், இப்போது பேசுவது இடது காது. 60 என்று தாளில் இருந்த புள்ளியின் உண்மையான இடம் 100.

எலும்புவழியிலும் அதேபோல. இரைச்சல் ஏற ஏற 10இல் இருந்த புள்ளி ஓடிக் கீழே போய், கடைசியில் கருவி கொடுக்கக்கூடிய உச்சத்திலும் பதில் இல்லை. 50 டெசிபல் இடைவெளி மாயமாகிவிட்டது. சளியால் நீர் கோத்த காது என்று சொல்லப்பட்டது, இடது உட்காதில் திடீரென்று வந்த கடும் நரம்பு வகைக் குறைபாடு.

இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அதிர்வுக் கட்டை 1000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 70 டெசிபல் வரைதான் கொடுக்கும். ஹெட்போன் 120ஐத் தொடும். ஆகவே எலும்புவழியில் பதில் இல்லை என்பது '70க்குக் கீழே எங்கோ' என்றுதான் பொருள்படும். காற்றுவழி 100 என்றால், நடுவில் 30 டெசிபல் வரை கடத்தல் கோளாறும் கலந்திருக்கிறதா என்பதை ஆடியோகிராமால் மட்டும் சொல்ல முடியாது. அங்கே டிம்பனோமெட்ரி தேவைப்பட்டது. காதுக் குழாயில் காற்றழுத்தத்தை மாற்றி மாற்றிச் செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்க்கும் சோதனை. நடுக்காதில் நீர் இருந்தால் வரைபடம் தட்டையாக வரும். இவருக்கு நடுவில் கூரான முகடு வந்தது. நடுக்காது காலியாக, நலமாக இருந்தது.

இதற்கெல்லாம் முன்பே, முதல் நாளே எச்சரிக்கை கொடுத்திருக்கக்கூடிய ஒரு பொருள் ஒவ்வொரு காது மருத்துவரின் மேசையிலும் இருக்கிறது. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை. அதைத் தட்டி நெற்றி நடுவில் வைத்து, "எந்தப் பக்கம் கேட்குது?" என்று கேட்பது வெபர் சோதனை, எர்ன்ஸ்ட் வெபர் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் விவரித்தது. கடத்தல் வகையில் ஒலி கேட்காத காதின் பக்கம் தூக்கலாகக் கேட்கும். நரம்பு வகையில் நல்ல காதின் பக்கம் போகும். ஆசிரியருக்கு உடனே வலப்பக்கம் போனது. தாள் இடப்பக்கக் கடத்தல் வகை என்கிறது, கவை அதை மறுக்கிறது. இரண்டும் முரண்பட்டால் தாளைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டால் வீட்டிலேயே வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பார்க்கலாம். முனகல் அடைத்த காதுக்குள் முழங்கினால் பெரும்பாலும் அடைப்பு, நல்ல காதின் பக்கம் ஒதுங்கினால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இது சோதனைக்கு மாற்று அல்ல, அவசரத்தைச் சொல்லும் குறி.

ஒரு கவையை மட்டும் நம்பினால் அங்கேயும் வழுக்கும். கவையைக் காதருகிலும் பின் எலும்பிலும் மாறி மாறி வைக்கும் ரின்னே சோதனையில், செத்த காதுக்காரர் எலும்பில்தான் நன்றாகக் கேட்கிறது என்பார். கேட்பது எதிர்க்காது என்பது அவருக்கே தெரியாது. ஆடியோகிராம் ஏமாந்த அதே காரணத்தால் ரின்னேயும் ஏமாறும். வெபரோடு சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

ஏன் நாள்களை எண்ணுகிறேன் என்றால், 3 நாளுக்குள் அடுத்தடுத்த 3 சுருதிகளில் 30 டெசிபலாவது விழும் இந்தத் திடீர் நரம்பு வகைக்கு ஸ்டீராய்டு மருந்துதான் முதல் முயற்சி. அதன் பலன் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் அதிகம். நாள் போகப் போகக் குறைந்துவிடும். எல்லோருக்கும் திரும்பி வருவதில்லை, தானாகவே மீள்கிறவர்களும் உண்டு. அந்த நரம்பின் மேல் கட்டி எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்த எம்ஆர்ஐயும் எடுப்பார்கள். 'நரம்பு நல்லா இருக்கு' என்று எழுதிய ஒரு தாள் இந்த வாசல்கள் அனைத்தையும் பத்து நாள் மூடி வைத்திருந்தது. எனக்கு இதில் கோபம் உண்டு. மாஸ்கிங்குக்குத் தேவையான பொத்தான் அந்த மையத்தின் கருவியிலும் இருந்திருக்கும். இல்லாமல் போனது சில நிமிட நேரம்தான்.

உங்கள் கையில் இருக்கும் தாளில் இதைக் கண்டுபிடிக்கக் குறிகளே போதும். எலும்புவழிக்குக் கூரம்பு போட்டிருந்தால் மாஸ்கிங் செய்யவில்லை. சதுர அடைப்புக்குறி இருந்தால் செய்திருக்கிறார்கள். காற்றுவழியிலும் மாஸ்கிங் செய்திருந்தால் வலது காதுக்கு வட்டம் முக்கோணமாகவும், இடது காதுக்குப் பெருக்கல் குறி சதுரமாகவும் மாறும். குறியின் காலில் கீழ்நோக்கி அம்பு தொங்கினால் அந்த அளவிலும் பதில் இல்லை என்று பொருள். அதைக் கேட்ட புள்ளியாக எடுத்துக்கொண்டு இடைவெளி கணக்கிடக் கூடாது. கூரம்பை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய இடைவெளியைக் காட்டும் தாள் பாதியில் நின்ற சோதனை. இரண்டு காதுக்கும் சேர்த்து 'இருக்கும் காதுகளில் நல்ல காது இவ்வளவு கேட்கிறது' என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை.

மாஸ்கிங்கும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. இரண்டு காதிலும் 60 டெசிபல் கடத்தல் குறைபாடு இருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காதை மும்முரமாக்க 60க்கு மேல் இரைச்சல் கொடுத்தாக வேண்டும். அவ்வளவு இரைச்சல் கொடுத்தால் அதுவே தலையைத் தாண்டி, சோதிக்கிற காதின் நல்ல காக்ளியாவுக்குப் போய் அங்கேயும் ஒலியை மறைத்துவிடும். குறைத்தால் போதாது, கூட்டினால் அதிகம். காதுக்குழாய்க்குள் நுழைக்கும் நுரைத் தக்கை இயர்போன் தலையைத் தாண்டவிடும் ஒலியைக் குறைப்பதால் பல நேரம் காப்பாற்றும். காப்பாற்றாதபோது நல்ல ஆடியாலஜிஸ்ட் 'மாஸ்கிங் செய்ய இயலவில்லை' என்று தாளிலேயே எழுதுவார். அப்படி எழுதியவரின் தாளை நான் அதிகம் நம்புவேன்.

அறையும் பொய் சொல்ல வைக்கும். எலும்புவழிச் சோதனையில் காது திறந்திருப்பதால், ஏசியின் உறுமலும் தெருச் சத்தமும் உள்ளே வந்து 250, 500 ஹெர்ட்ஸ் புள்ளிகளைக் கீழே தள்ளும். ஹெட்போன் போட்டிருக்கும் காற்றுவழிக்கு அந்தத் தொந்தரவு குறைவு. விளைவு, குழந்தையின் காதில் உண்மையிலேயே நீர் கோத்து 25 டெசிபல் இடைவெளி இருந்தாலும் தாளில் அது மறைந்து, நரம்பு வகை போலத் தெரியும். எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். சோதிக்கிற காதின் மேலேயே ஹெட்போனை மறந்து வைத்துவிட்டால் கனத்த ஒலிகள் காதுக்குள் தேங்கி, எலும்புவழிப் புள்ளி 15, 20 டெசிபல் மேலே ஏறி, இல்லாத இடைவெளியைக் காட்டும். பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு 250இல் எலும்புவழிப் புள்ளி 25, 30இல் விழுவதைப் பார்த்துப் பெற்றோர் நம்பிக்கை கொள்வார்கள். அந்தப் பிள்ளை அதிர்வைத் தோலில் உணர்ந்து பட்டனை அமுக்கியிருக்கிறது. கனத்த சுருதியில் மட்டும் இடைவெளி இருந்து, 2000க்கு மேல் ஒன்றுமே இல்லை என்றால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். முதியவர்களுக்கு ஹெட்போனின் அழுத்தத்தில் காதுக் குழாயின் வாய் மடங்கி மூடிக்கொள்வதுண்டு. அப்போது கீச்சுப் பக்கத்தில் இடைவெளி தோன்றும். தக்கை இயர்போனில் மறுபடி எடுத்தால் காணாமல் போகும்.

இவை எல்லாம் பொய் இடைவெளிகள். கடைசியாக, முழு உண்மையான இடைவெளி ஒன்று. மாஸ்கிங் சரி, அறை சரி, 250இலும் 500இலும் 30 டெசிபல் இடைவெளி. ஆனால் எலும்புவழிப் புள்ளிகள் மைனஸ் 5, மைனஸ் 10 என்று பூஜ்யத்துக்கு மேலே நிற்கின்றன. அவர், நடக்கும்போது தன் காலடி காதுக்குள் கேட்கிறது, கண் அசைவதுகூடக் கேட்கிறது என்கிறார். பலத்த சத்தத்தில் தலைசுற்றுகிறது. உட்காதின் மேல் அரைவட்டக் குழாயை மூடும் எலும்பில் ஓட்டை விழும் இந்த நிலையை அமெரிக்காவின் லாயிட் மைனரும் உடனிருந்தோரும் 1998இல் விவரித்தார்கள். உட்காதுக்கு இயல்பாக இரண்டு சன்னல்கள். மூன்றாவதாக ஒன்று திறந்தால் காற்றுவழி ஒலியின் பலம் அதன் வழியே கசிகிறது, எலும்புவழி ஒலியோ கூடுதலாகக் கேட்கிறது. நடுக்காதில் எந்தக் கோளாறும் இல்லாமலே ஆடியோகிராம் கடத்தல் வகையைக் காட்டுகிறது.

இந்த நிலை தெரியவருவதற்கு முன்பு இவர்களில் சிலருக்கு ஓட்டோஸ்க்லிரோசிஸ் என்று எண்ணி அங்கவடி எலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. இடைவெளி அப்படியே இருந்தது. இன்று இதைப் பிரித்துக் காட்டுவது டிம்பனோமெட்ரிக் கருவியிலேயே எடுக்கும் ஒரு சின்னச் சோதனை: உரத்த ஒலி கேட்டதும் அங்கவடியை இழுக்கும் தசை சுருங்குகிறதா என்பது. இறுகிய அங்கவடியில் அது பதிவாகாது. மூன்றாவது சன்னல் உள்ள காதில் பதிவாகும். இடைவெளியும் அந்தச் சுருக்கமும் ஒரே காதில் சேர்ந்து வந்தால், கத்தியை எடுப்பதற்கு முன் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும்.